மிஸ்டு கால் கொடுத்தாச்சு... பதிலை யார் படிக்கிறது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெரும்பாலோரின் சம்பளத்திலும் மாதாமாதம் ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. வாய்மொழியில் அதன் பெயர் பி.எஃப். அப்பர் தைக்கிறவர், கட்டிங்கில் இருக்கிறவர், லாஸ்டிங் மெஷினில் நிற்கிறவர் என எல்லோருக்கும் அதுதான் பெரிய சேமிப்பு. பலருக்கு ஒரே சேமிப்பும் அதுதான். மகள் கல்யாணம், வீட்டுக்குக் கூரை, ஆஸ்பத்திரிச் செலவு என்று எது வந்தாலும் கணக்குப் போடத் தொடங்குவது இந்தப் பணத்திலிருந்துதான்.

அந்தக் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள, தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் ஓர் எளிய வழி வைத்திருக்கிறது. பி.எஃப். கணக்கில் பதிந்த செல்போனிலிருந்து 99660 44425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். இரண்டு முறை மணி அடித்ததும் அழைப்பு தானாகத் துண்டிக்கப்படும். காசு செலவில்லை, பட்டன் போனிலும் நடக்கும். எழுத்து தெரியாத ஒருவர் தன் கையால் தொடங்கக்கூடிய சேவை இது. இப்படி யோசித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

பிறகு பதில் வருகிறது, எஸ்.எம்.எஸ். ஆக, ஆங்கிலத்தில். சேர்ந்திருக்கும் மொத்தத் தொகை, கடைசியாக வந்த மாதத்தின் பணம், உறுப்பினர் எண் எல்லாம் அந்தச் சில வரிகளுக்குள் நெருக்கி அடைக்கப்பட்டிருக்கும். தமிழில் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு: `EPFOHO UAN TAM` என்று தட்டச்சு செய்து 77382 99899 என்ற எண்ணுக்கு அனுப்ப வேண்டும். தமிழில் பதில் பெறுவதற்கு முதலில் ஆங்கில எழுத்துகளைத் தேடித் தட்ட வேண்டியிருக்கிறது. வந்த தமிழையும் படிக்கத்தான் வேண்டும்.

ஆக, கேள்வியைக் கேட்கப் படிப்பு தேவையில்லை, பதிலை வாங்கிக்கொள்ளப் படிப்பு தேவை. இந்த இடைவெளியில்தான் பக்கத்து வீட்டுப் பையன் வருகிறான், லைன் சூப்பர்வைசர் வருகிறார், கம்ப்யூட்டர் சென்டர் வருகிறது. போனை இன்னொருவர் கையில் கொடுத்து, வரும் ஓ.டி.பி.யையும் அவரிடமே சொல்லி, தன் சேமிப்பின் அளவைப் பிறர் வாயால் கேட்கும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

படிக்கச் சிரமப்படுகிறவர் யார்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80.09 சதவீதம். பெண்களில் 73.44 சதவீதம். ஏதாவது ஒரு மொழியைப் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால் கணக்கெடுப்பில் அவர் எழுத்தறிவு உள்ளவர். தோல் தொழில் நடக்கும் பகுதியில் இந்த இலக்கணத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு செயலியை வடிவமைத்தால் பலரைக் கைவிட்டுவிடுவோம்.

ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் வீட்டில் உருது பேசும் பெண்கள் நிறைய. அவர்களில் உருது எழுத்தைச் சரளமாகப் படித்து, தமிழ் எழுத்தில் தடுமாறுகிறவர்கள் உண்டு. அவர்களே கடைத்தெருவிலும் கம்பெனியிலும் தமிழை நன்றாகப் பேசுவார்கள். இன்னொரு பக்கம், ஐந்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ வரை போய்விட்டு நின்றவர்கள். பஸ் போர்டைப் படித்துவிடுவார்கள். நான்கு வரி எஸ்.எம்.எஸ்.ஸை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் ஓ.டி.பி.யின் நேரம் முடிந்துவிடும். இவர்கள் யாரும் தங்களைப் படிக்கத் தெரியாதவர் என்று சொல்லிக்கொள்வதில்லை. 'கண்ணாடி எடுத்துட்டு வரல, நீயே பாத்துச் சொல்லு' என்பார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று நன்றாகத் தெரியும்: எண்கள். அப்பரின் உள்பக்கம் அச்சிட்ட 39, 40, 41 என்ற சைஸைப் பார்த்து ஜோடி சேர்க்கிறவருக்கு, ஒரு நாளில் எத்தனை ஜோடி முடித்தோம் என்று கணக்கு வைத்திருப்பவருக்கு, இலக்கங்கள் அந்நியமில்லை. ஆகவே திரையிலிருந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் படங்களால் நிரப்புவது தவறான அவசரம். வாக்கியங்கள் காதுக்குப் போகட்டும். இலக்கங்கள் திரையில் பெரிதாக இருக்கட்டும்.

இதற்கு முன்னோடி ஆய்வுகள் இருக்கின்றன. பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இந்திராணி மெதி 2000-களின் நடுப்பகுதியில், வீட்டு வேலை தேடும் பெண்களுக்காக எழுத்தே இல்லாத திரைகளை வடிவமைத்துச் சோதித்தார். படமும் பேச்சும் சேர்ந்தபோது அவர்களால் எழுத்துத் திரையில் முடியாததைச் செய்ய முடிந்தது. மொபைல் வங்கிச் சேவையைக் கொண்டு அவரும் சகாக்களும் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. படமும் ஒலியும் நிறைந்த திரையில் வேலையை முடித்தவர்கள் அதிகம். வெறும் பேச்சு வழி அமைப்பிலோ வேகம் அதிகம், பிறர் உதவியும் குறைவாகவே தேவைப்பட்டது.

அழுத்தவும் வேண்டாம், அமுத்துங்க

குரல் வழிச் செயலி என்றதும் பலர் முதலில் செய்வது, திரையில் உள்ளதை அப்படியே கணினிக் குரலில் வாசிக்க வைப்பது. 'தங்கள் கணக்கின் இருப்பை அறிய எண் ஒன்றை அழுத்தவும். உள்ளீடு தவறானது. மீண்டும் முயற்சிக்கவும்.' இதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இந்தத் தமிழ் பள்ளியில் படித்து வருவது. எட்டாம் வகுப்புக்குள் பள்ளியை விட்டவருக்கு இதைக் காதால் கேட்டுப் பிரித்தெடுப்பதே ஒரு வாசிப்பு வேலை. எழுத்து என்ற தடையை எடுத்துவிட்டு, எழுத்துத் தமிழ் என்ற தடையை அதே இடத்தில் வைத்துவிடுகிறோம்.

பேச்சுத் தமிழுக்கு இந்த வேலையில் கூடுதலாக ஒரு நன்மை உண்டு. தொலைபேசிக் குரல் அமைப்புகளை வடிவமைப்பவர்களிடம் ஒரு பழைய விதி இருக்கிறது: முதலில் காரியத்தைச் சொல், பிறகு பட்டனைச் சொல். 'ஒன்றை அழுத்துங்கள்' என்று முதலில் கேட்பவர், எதற்கு என்று தெரியாமல் ஒன்று என்ற எண்ணைத் தலையில் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். அதற்குள் அடுத்த எண் வந்துவிடும். தமிழில் பேசினாலே இந்த விதி தானாக அமைந்துவிடுகிறது. 'எவ்வளவு சேந்திருக்குன்னு தெரியணும்னா ஒண்ணு அமுத்துங்க.' '-ன்னா' என்று நிபந்தனை முன்னே வந்து, செயல் கடைசியில் நிற்கிறது. காது கடைசியாகப் பிடித்த சொல்லை விரல் செய்துவிடுகிறது. இந்த வரிசை கெடுவது, ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்கும்போதுதான்.

பெயர்ச்சொற்களுக்கும் இதே அளவுகோல்தான். வருங்கால வைப்பு நிதி என்று ஷூ கம்பெனி வாசலில் யாரும் பேசுவதில்லை. பி.எஃப்., பென்ஷன், ஓ.டி.பி., ரகசிய நம்பர், பிடித்தம் ஆகியவை ஊரில் புழங்கும் சொற்கள். அதற்காக வட ஆற்காட்டு வட்டாரப் பேச்சை அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 'சொல்லிக்கினு', 'வந்துக்கினு' என்று ஓர் இயந்திரக் குரல் பேசினால் பணத்தைப் பற்றிப் பேசும்போது நம்பிக்கை வராது. பாங்க் கவுன்டரில் நாற்பது வயதுப் பெண் ஊழியர் ஒருவர், எதிரே நிற்பவரை மதித்து, நிதானமாகப் பேசும் தமிழ் போதும். மரியாதைக்கு அந்த '-ங்க' போதுமானது. 'தாங்கள்' தேவையில்லை.

ஒரு மிஸ்டு காலைப் பேச வைப்பது எப்படி?

இனி வருவது, இன்று இருக்கும் சேவைக்கு மேல் நான் போட்டுப் பார்த்த வரைபடம். தொடக்கம் அதே மிஸ்டு கால். இரண்டு மணியில் துண்டித்த பிறகு, எஸ்.எம்.எஸ். அனுப்புவதோடு நிற்காமல், அமைப்பே திரும்ப அழைக்கிறது. கூப்பிட்டவருக்குக் காசில்லை.

'வணக்கங்க. பி.எஃப். ஆபீஸ்ல இருந்து பேசுறோம். எவ்வளவு சேந்திருக்குன்னு தெரியணும்னா ஒண்ணு அமுத்துங்க. போன மாசம் கம்பெனி பணம் கட்டிட்டாங்களான்னு தெரியணும்னா ரெண்டு அமுத்துங்க. திரும்பக் கேக்கணும்னா சும்மா இருங்க, மறுபடி சொல்றோம்.'

கடைசி வாக்கியம்தான் முக்கியம். பல அமைப்புகள் சில விநாடி மௌனத்தைத் தவறாக எடுத்துக்கொண்டு அழைப்பைத் துண்டிக்கின்றன. தயங்குகிறவருக்கோ முதல் எதிர்வினையே மௌனம்தான். மௌனத்துக்கு 'திரும்பச் சொல்' என்று பொருள் கொடுத்துவிட்டால் தயங்கியவர் தண்டிக்கப்படமாட்டார். ஒரு தடவைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று தேர்வுகள் போதும். எழுத்தைப் பார்ப்பவர் கண்ணை மேலே ஓட்டி மறுபடி பார்க்கலாம், காதுக்கு அந்த வசதி கிடையாது.

ஒன்றை அமுக்கியதும் உடனே தொகையைச் சொல்லிவிடக் கூடாது. ஒரே போன் வீட்டில் நாலு பேர் கையில் புரள்கிறது. முதல் முறை அழைக்கும்போதே ஒரு நாலு இலக்க ரகசிய நம்பரை அவரே வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பிறந்த வருடத்தைக் கேட்டால் பயனில்லை, வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். ஸ்மார்ட்போன் செயலியாக இருந்தால் தொகை எப்போதும் காதோடு வைத்துக் கேட்கும் ஒலியில்தான் வர வேண்டும். லவுட் ஸ்பீக்கரில் வரக் கூடாது. அடுத்த அறையில் இருப்பவருக்கும் கேட்கும்படி ஒரு பெண்ணின் சேமிப்பைச் சத்தமாகச் சொல்லும் செயலியை, இரண்டாம் முறை யாரும் தொடமாட்டார்கள்.

தொகையைச் சொல்வதில்தான் தமிழின் தனிச்சிக்கல் வருகிறது. 42,318 ரூபாயை எடுத்துக்கொள்வோம். பதிவு செய்த எண்களைத் துண்டு துண்டாக ஒட்டினால் 'நாற்பத்து இரண்டு, ஆயிரம், மூன்று, நூறு, பதினெட்டு' என்று வரும். இப்படி யாரும் பேசுவதில்லை. காது எதிர்பார்ப்பது 'நாப்பத்திரெண்டாயிரத்தி முன்னூத்தி பதினெட்டு'. பின்னால் இன்னோர் எண் வந்தால் ஆயிரம் 'ஆயிரத்தி' ஆகிறது, முன்னூறு 'முன்னூத்தி' ஆகிறது. ஆகவே ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகப் பதிய வேண்டும்: தொடர்கிற வடிவம், முடிகிற வடிவம். ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை 99 துண்டுகள். நூறுகளுக்கு 9 எண்கள், இரண்டு வடிவமாக 18. ஆயிரங்களுக்கு 99 எண்கள், இரண்டு வடிவமாக 198. லட்சங்களுக்கு 18. ஆக 333 துண்டுகள் இருந்தால் பத்து லட்சத்துக்குள் எந்தத் தொகையையும் ஒரு மனிதர் சொல்வதுபோலச் சொல்லிவிடலாம். ஒரே குரலில், ஒரே வேகத்தில், ஒருநாள் உட்கார்ந்தால் பதிந்துவிடக்கூடியவை. கணினிக் குரலைப் பயன்படுத்தினாலும் இலக்கத்தை நேராகக் கொடுக்காமல், பேச்சு வடிவத்தை எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்வது நல்லது. இலக்கத்தைக் கண்டால் அது பெரும்பாலும் எழுத்துத் தமிழுக்குத் திரும்பிவிடும்.

அடுத்தது இரண்டாம் எண். 'போன மாசம் கட்டிட்டாங்களா?' சட்டப்படி ஒரு மாதத்தின் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்ட வேண்டும். ஒருவர் ஏழாம் தேதி கூப்பிட்டால் பணம் வந்திருக்காது. அது தவறும் இல்லை. 'பணம் வரவில்லை' என்று மட்டும் சொன்னால் அடுத்த நாள் கம்பெனி வாசலில் வீண் சண்டை. 'போன மாசப் பணம் இன்னும் வரலைங்க. பதினஞ்சாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு. அதுக்கப்புறம் ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க' என்று சொல்ல வேண்டும். பதினைந்து தாண்டியும் வரவில்லை என்றால் பதில் மாற வேண்டும், எங்கே போய்க் கேட்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பணம் வந்திருந்தால் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. பிடித்தத்துக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளியிடம் பிடிப்பது 12 சதவீதம், 1,200 ரூபாய். கம்பெனியும் 1,200 கட்டுகிறது. ஆனால் கம்பெனி கட்டியதில் 833 ரூபாய் பென்ஷன் கணக்குக்குப் போய்விடுகிறது. பி.எஃப்.பில் சேர்வது 367 மட்டும். எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் மொத்தத் தொகையில் பென்ஷன் பங்கு இருக்காது. 2,400 எதிர்பார்த்த இடத்தில் 1,567 வந்தால், கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று நினைப்பது இயல்பு. படித்தவர்களே நினைக்கிறார்கள்.

இதை விளக்க நான்கு தொகைகளை ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றும் நிற்காது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு தொகை. 'உங்க சம்பளத்துல பிடிச்சது ஆயிரத்தி எரநூறு ரூபா.' ஒரு நிறுத்தம். 'கம்பெனியும் அதே ஆயிரத்தி எரநூறு கட்டிட்டாங்க.' மறுபடி நிறுத்தம். 'அதுல எண்ணூத்தி முப்பத்திமூணு உங்க பென்ஷனுக்குப் போயிருக்கு. மிச்சம் பி.எஃப்.ல சேந்திருக்கு.' இதோடு போதும். முழு விவரமும் இலக்கங்களாக எஸ்.எம்.எஸ்.ஸில் இருக்கட்டும். கேட்ட எண்ணைத் திரையில் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ள அவரால் முடியும்.

எதுவுமே வராத நேரமும் உண்டு. இப்போதுள்ள சேவையில் கணக்கோடு சேர்ந்த எண் வேறாக இருந்தாலோ, யு.ஏ.என். எண் செயல்பாட்டுக்கு வராமல் இருந்தாலோ மிஸ்டு கால் கொடுத்தவருக்குத் தொகை வராது. ரீசார்ஜ் செய்யாமல் சிம் போய், புது எண் வாங்குவது இந்தக் குடும்பங்களில் சாதாரணம். பதில் வராதபோது அவர் எடுக்கும் முடிவு, 'நமக்கு அதெல்லாம் வராது' என்பது. 'இந்த நம்பர் உங்க பி.எஃப்.ல சேரலைங்க. ஆதார் கார்டையும் இந்த போனையும் எடுத்துட்டு கம்பெனி ஹெச்.ஆர். கிட்ட போங்க' என்று ஒரு வாக்கியம் திரும்ப அழைத்துச் சொன்னால், அது தோல்வியாக முடியாமல் அடுத்த வேலையாக மாறும்.

அவர் பேசட்டுமா, விரலால் தொடட்டுமா?

குரல் வழி என்றால் பயனரும் பேச வேண்டாமா? இங்கே ஆய்வுகள் இரண்டு பக்கமும் நிற்கின்றன. குஜராத்தில் 45 விவசாயிகளோடு நீல் பட்டேலும் சகாக்களும் நடத்தி 2009-இல் வெளியிட்ட சோதனையில், வாயால் சொன்னவர்களைவிடப் பட்டனை அமுக்கியவர்களே வேலையை அதிகம் முடித்தார்கள். எட்டாம் வகுப்புக்குக் கீழே படித்தவர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாக இருந்தது. அதே ஆண்டில் வெளியான, பாகிஸ்தானில் ஜஹான்சேப் ஷெர்வானியும் சகாக்களும் சுகாதாரப் பணியாளர்களோடு செய்த ஆய்வு பேச்சுக்குச் சாதகமாக வந்தது. தமிழ்நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. 2000-களின் நடுவில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியைச் சேர்ந்த ஆய்வாளர் மாட்லென் ப்ளோஷேயும் குழுவினரும், எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தின் கிராம மையங்களோடு சேர்ந்து, திண்டுக்கல் பக்கம் செம்பட்டியில் 'தமிழ் மார்க்கெட்' என்ற அமைப்பைச் சோதித்தார்கள். கிராமத்து மக்களின் குரலிலேயே பதிந்த குறைந்த சொற்களை மட்டும் புரிந்துகொள்ளும்படி அது கட்டப்பட்டது.

பேச்சை உணரும் தொழில்நுட்பம் அதற்குப் பிறகு வெகுதூரம் வந்திருக்கிறது. என்றாலும் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் நான் விரலின் பக்கம்தான். தையல் மெஷின்களும் சுத்தியல்களும் ஓடும் தளத்தில், கம்பெனி பஸ்ஸின் இரைச்சலில் 'ஒம்பது' 'அம்பது' ஆகலாம். 'ஏழு' என்பதை ஒருவர் 'ஏளு' என்பார், இன்னொருவர் 'ஏயு' என்பார். அதைவிடப் பெரிய காரணம், பக்கத்தில் ஆள் இருக்கும்போது தன் பணத்தைப் பற்றி வாய்விட்டுப் பேச யாருக்கும் மனம் வராது என்பது. அமைப்பு பேசட்டும், மனிதர் மௌனமாகத் தொடட்டும். 'ஆமா', 'வேணாம்' போன்ற சில சொற்களைக் கூடுதல் வசதியாக ஏற்றுக்கொள்ளலாம். அப்போது 'ஆமாங்க', 'சரி', 'ம்' எல்லாவற்றையும் ஏற்க வேண்டும்.

இத்தனையும் சரியாக அமைந்ததா என்று எப்படித் தெரியும்? 'புரிஞ்சுதாம்மா?' என்று கேட்டால், 'புரிஞ்சுதுங்க' என்ற பதில்தான் வரும். மரியாதைக்குச் சொல்லும் பதில் அது. விரலைப் பார்க்க வேண்டும். குரல் முடிந்த பிறகும் விரல் பட்டன்மேல் அந்தரத்தில் நின்றால் அந்த வாக்கியம் தோற்றுவிட்டது. வாக்கியம் முடிவதற்குள் அமுக்கினால் தேவைக்கு மேல் நீளம். எல்லாம் முடிந்ததும், 'உங்க தங்கச்சி இதையே கேட்டா என்ன சொல்லுவீங்க?' என்று கேட்கலாம். அவர் தன் வாயால் சொல்லும் தமிழ்தான் அடுத்த பதிவுக்கான வசனம். 'உங்க பேர்ல இவ்வளவு இருக்குது' என்று அவர் சொன்னால், 'உங்கள் கணக்கின் இருப்பு' என்பதை அன்றே அடித்துவிடலாம்.

இந்த மிஸ்டு காலுக்கு வெளியே நிற்கிறவர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆம்பூரைச் சுற்றிய கிராமங்களில் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கையால் அப்பர் தைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். எந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலிலும் பெயர் இல்லாததால் பி.எஃப். கணக்கே அவர்களுக்குக் கிடையாது. அவர்களுக்கு வேண்டியது வேறு: அப்பர் கட்டு வந்த அன்று எத்தனை ஜோடி, ஜோடிக்கு என்ன ரேட், திருப்பிக் கொடுத்தது எத்தனை, கைக்கு வந்த பணம் எவ்வளவு என்று தன் குரலிலேயே பதிந்து வைக்கும் ஒரு கணக்கு. நான்கு கேள்விகள், நான்கு எண்கள். ஏஜென்ட் வந்து பணம் கொடுக்கும்போது அந்தப் பதிவை அவர் எதிரிலேயே போட்டுக் கேட்கலாம். அந்தச் செயலியை ஏஜென்ட்டின் போனில் வைக்கக் கூடாது, தைக்கிறவரின் போனில்தான் வைக்க வேண்டும்.